மார்ச் 31 நள்ளிரவுக்கு முன்னால்

திருப்பூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் தீக்காப்பீடு மார்ச் 31 நள்ளிரவோடு முடிகிறது. மாதத் தொடக்கத்திலேயே புரோக்கரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. முதலாளியின் கண் நேராகப் பிரீமியத் தொகைக்குப் போகும். ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டியது அதற்கு மேலே இருக்கும் காப்பீட்டுத் தொகையைத்தான்.

போன வருடம் நூல், துணி, தைத்த சரக்கு எல்லாம் சேர்த்து 60 லட்சத்துக்குக் காப்பீடு. இப்போது நூல் விலை ஏறி, ஆர்டரும் கூடி, சரக்கின் மதிப்பு 90 லட்சம். பழைய தொகைக்கே புதுப்பித்தபின் தீப்பிடித்து 30 லட்சம் சரக்கு எரிந்தால், 60 லட்சத்துக்குள்தானே நஷ்டம், முழுதும் கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. மூன்றில் இரண்டு பங்குக்கே காப்பீடு இருந்ததால் நஷ்டத்திலும் அதே பங்கு, அதாவது 20 லட்சம்தான். சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே குறைவு 33 சதவீதம்.

கடிதத்தில் இரண்டு நிபந்தனைகளும் மாறியிருக்கின்றன. ஒவ்வொரு இழப்பீட்டிலும் முதலாளி ஏற்க வேண்டிய பங்கு 10,000 ரூபாயிலிருந்து 25,000 ஆகிறது. குடோனில் சரக்கைத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்க வேண்டும். முதலாவது பணத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது ஆபத்தானது; மழைத்தண்ணீர் புகுந்தபின் சர்வேயர் அதைத்தான் முதலில் பார்ப்பார். முடியாதென்றால் இப்போதே சொல்லி, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம்.

கேட்கும் ஆவணங்கள் எளியவை. வங்கிக்குக் கொடுத்த கடைசி சரக்குக் கணக்கு, புதிய மெஷின் பில், தீயணைப்புக் கருவிகளுக்கு மறுபடி மருந்து நிரப்பிய சான்று, கடந்த ஆண்டுகளில் பெற்ற இழப்பீட்டு விவரம். வங்கியிடம் 90 லட்சம், காப்பீட்டுக்கு 60 லட்சம் என்று இரண்டு கணக்கு இருந்தால் சிக்கல் அங்கேதான் தொடங்கும். புதிதாக வாடகைக்கு எடுத்த குடோன் இருந்தால் அதன் முகவரியும் பாலிசியில் ஏற வேண்டும். வருட நடுவில் நடந்த இத்தகைய மாற்றங்களைச் சொல்லும் கடமையைப் புதுப்பித்தல் கடிதத்திலேயே எச்சரிக்க வேண்டும் என்பது புரோக்கர்களுக்கான விதி.

கெடு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஆயுள் காப்பீட்டில் இருப்பது போன்ற சலுகை நாட்கள் தீக்காப்பீட்டில் இல்லை. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் முன்கூட்டியே செலுத்தப்பட்டால்தான் பொறுப்பு தொடங்கும். “போட்டுவிடுகிறேன் சார்” என்று போனில் சொன்னது செல்லாது. செக் திரும்பினாலும் பாதுகாப்பு நிற்காது. ஆவணங்களை 15ஆம் தேதிக்குள் புரோக்கர் கேட்பது, விலைப்புள்ளி வாங்கித் திருத்த அவருக்கும் சில நாள் வேண்டும் என்பதால். அனுப்பியவற்றின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் கம்பெனிக்கு வெளியே, வீட்டில் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.