பாக்கி கேட்கும்போது வார்த்தை தடிக்காமல் இருக்க

கடனுக்குச் சரக்கு வாங்கிய வாடிக்கையாளருக்குத் தவணை தப்பியதும் அனுப்பும் முதல் செய்தி பெரும்பாலும் பணிவாகவே எழுதப்படுகிறது. ஆனாலும் படிப்பவருக்கு அது சில சமயம் அதட்டலாகக் கேட்கிறது. திருப்பூர் பனியன் உற்பத்தியாளர் ஒருவர் சில்லறைக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம்:

"வணக்கம் சார். நீங்கள் 412ஆம் எண் பில்லுக்கு இன்னும் பணம் தரவில்லை. மறந்துவிட்டீர்களா? தயவுசெய்து இன்றே செலுத்தவும்."

வணக்கமும் 'சார்' என்ற மரியாதையும் இருந்தும் இது சுடுவதற்குக் காரணம் வாக்கிய அமைப்பு. 'நீங்கள் இன்னும் தரவில்லை' என்றால் குற்றம் ஆள்மீது விழுகிறது. 'நீங்கள்' என்பதை எடுத்துவிட்டு, பில்லைப் பற்றிய தகவலாக மாற்றினால் அதே செய்தி உறுத்தாது.

'மறந்துவிட்டீர்களா?' என்பதற்கு ஆம் என்றாலும் இல்லை என்றாலும் கடைக்காரருக்குச் சங்கடம்தான். ஒன்று கவனக்குறைவு, மற்றது வேண்டுமென்றே இழுத்தடிப்பு. அந்தக் கேள்வியை அடியோடு நீக்குவதே சரி.

'செலுத்தவும்' என்பது அறிவிப்புப் பலகையின் மொழி. 'வரிசையில் நிற்கவும்' என்பதுபோல ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லப்படும் கட்டளை அது. முன்னால் 'தயவுசெய்து' சேர்த்தாலும், பின்னால் 'இன்றே' வந்தவுடன் கெடுபிடி கூடிவிடுகிறது. 'அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும்' என்பது வேண்டுகோளாகவே நிற்கும்.

திருத்திய செய்தி இது:

"வணக்கம் சார். ஜூன் 3ஆம் தேதியிட்ட 412ஆம் எண் பில்லின் (ரூ. 18,400) தவணை ஜூலை 3ஆம் தேதியோடு முடிந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் தொகையை அனுப்பிவைத்தால் உதவியாக இருக்கும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தேதியை மட்டும் சொல்லுங்கள், கணக்கில் பார்த்துக்கொள்கிறோம்."

கடைசி வரி அவசியமானது. செய்தி போகும் நேரத்தில் பணம் வந்து சேர்ந்திருக்கலாம், அல்லது வேறு பில்லின் கணக்கில் வரவு வைக்கப்பட்டிருக்கலாம். பணம் கொடுத்தவரிடமே மறுபடி கேட்பதுபோல் மனத்தாங்கல் உண்டாக்குவது வேறில்லை.

மென்மை அளவுமீறினாலும் காரியம் கெடும். 'முடிந்தபோது பார்த்துச் செய்யுங்கள்' என்று எழுதினால் அவசரமில்லை என்றே பொருள்படும். தொனி தணியலாம், தொகையும் நாளும் தணியக் கூடாது.

குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் ஒப்புக்கொண்ட தவணைக்குள் பணம் தர வேண்டும், அந்தத் தவணை 45 நாளைத் தாண்டக் கூடாது என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. முதல் நினைவூட்டலில் அதை எடுத்தால் மிரட்டலாகிவிடும். சொன்ன வெள்ளிக்கிழமையும் கடந்தால், அடுத்து செய்வது ஒரு போன். அதற்கும் பணம் வராதபோதுதான் சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத வேண்டும்.