‘இன்னும்’ படுத்தும் பாடு

வானொலியில் தினமும் நேயர்களோடு பேசுகிறேன். ஜொகூர் பாருவிலிருந்து அழைப்பவர்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் கலந்தடிப்பார்கள். அதில் அடிக்கடி காதில் விழுவது: “ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.”

அங்கே ‘சின்ஸ்’ வரக்கூடாது. இதற்கு இலக்கணப் புத்தகம் வேண்டாம். நமக்குத் தெரிந்த மலாயே போதும். ‘செஜாக்’ என்று சொல்லும் இடத்தில் சின்ஸ். ‘செலாமா’ என்று சொல்லும் இடத்தில் ஃபார். தமிழிலும் அப்படித்தான். ‘2020லிருந்து’ என்றால் சின்ஸ். ‘அஞ்சு வருஷமா’ என்றால் ஃபார். முன்னது தொடங்கிய நேரம், பின்னது கழிந்த காலம்.

அடுத்த சிக்கல் வினைச்சொல். “அஞ்சு வருஷமா வேலை செய்யறேன்” என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலம் அங்கே ‘ஹேவ்’ கேட்கிறது. சிங்கப்பூரில் வேலை நேர்முகத்துக்குப் போகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஐந்து வருடமாக இருக்கிறார். “ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்றால், கேட்பவர் அவர் அந்த வேலையை விட்டுவிட்டதாகவே நினைப்பார். ஏன் விட்டீர்கள் என்றுதான் அடுத்த கேள்வி வரும். “ஐ ஹேவ் வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்றால் இன்றும் அங்கேதான் இருக்கிறார் என்று புரியும். ஒரு ‘ஹேவ்’ செய்கிற வேலை இது.

இனி ‘இன்னும்’. “இன்னும் தூங்கறான்”, “இன்னும் வரல” இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல். அதனால்தான் ஸ்டில், யெட் இரண்டும் நம் வாயில் இடம் மாறுகின்றன. மலாய் இதையும் பிரித்து வைத்திருக்கிறது. ‘மாசே’ என்றால் ஸ்டில்: “ஹீ இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்.” ‘பெலும்’ என்றால் நாட் யெட்: “ஹீ ஹேசன்ட் கம் யெட்.”

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. பெர்மிட் வரவில்லை என்று அலுவலகத்துக்கு போன் செய்கிறீர்கள். “ஐ ஹேவன்ட் காட் இட் யெட்” என்றால் வெறும் தகவல். “ஐ ஸ்டில் ஹேவன்ட் காட் இட்” என்றால், வந்திருக்க வேண்டியது வரவில்லையே என்ற குறையும் சேர்ந்து ஒலிக்கும். முதல் அழைப்பிலேயே ஸ்டில் போட்டால் எதிர்முனையில் குரல் மாறலாம். மூன்றாவது அழைப்பில் தாராளமாகப் போடலாம்.

கடைசியாக ‘ஆல்ரெடி’. “ஈட் ஆல்ரெடி?” என்பது “சுடா மாக்கான்?” போட்ட ஆங்கிலச் சட்டை. கடைத்தெருவில் யாருக்கும் புரியும், குறையொன்றும் இல்லை. ஆனால் அலுவலகக் கடிதத்தில் “ஐ சப்மிட் ஆல்ரெடி” என்று எழுதாதீர்கள். “ஐ ஹேவ் ஆல்ரெடி சப்மிட்டட் இட்” என்று எழுதுங்கள். ‘கொடுத்துட்டேன்’ என்பதில் அந்த ‘ட்டேன்’ செய்யும் வேலையைத்தான் அங்கே ‘ஹேவ்’ செய்கிறது.