தோற்பவருக்கே அதிக விளம்பரமா?

திறன்பேசியில் விளையாடுகிறீர்கள். சுற்று முடிகிறது, திரை முழுவதையும் மூடி ஒரு விளம்பரம் வருகிறது. மூடும் குறியைத் தேடித் தொட்டுவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினால், அது முடிந்ததும் மீண்டும் அதே விளம்பரம். மூன்றாவது முறையும் அப்படி நடந்தால் பலர் விளையாட்டையே நீக்கிவிடுவார்கள்.

இலவசச் செயலிகளுக்கு விளம்பரம்தான் வருமானம். அதனால் விளம்பரமே கூடாது என்று அதை உருவாக்குபவரிடம் சொல்ல முடியாது. எந்த இடத்தில் காட்டுவது, எத்தனை முறை காட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் அவர் விடை காண வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியே முழுத்திரை விளம்பரத்துக்கு ஏற்ற இடம். சுற்று முடிந்து, மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, ‘அடுத்து’ என்பதைத் தொடும் தருணம் அப்படிப்பட்டது. சுற்று தொடங்கும்போதோ நடுவிலோ காட்டினால், விரல் வேறு எதையோ தொடப் போய் விளம்பரத்தைத் தொட்டுவிடும். கூகல் பிளே 2022 செப்டம்பர் 30 முதல் நடைமுறைப்படுத்திய விதியும் இதைத் தடுக்கிறது. பயனர் எதிர்பாராத நேரத்தில் முழுத்திரை விளம்பரம் வரக்கூடாது. வந்த விளம்பரத்தை 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாமல் வைத்திருக்கக்கூடாது. பரிசுப் புள்ளிகளுக்காகப் பயனரே விரும்பித் திறந்து பார்க்கும் விளம்பரத்திற்கு விலக்கு உண்டு.

இடம் சரியாக அமைந்தாலும், ஒவ்வோர் இடைவெளியிலும் விளம்பரம் வந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஆகவே அதற்கு ஓர் உச்சவரம்பு தேவை. ‘மூன்று சுற்றுக்கு ஒரு விளம்பரம்’ என்று வைத்துவிடலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். ஒரு சொல் விளையாட்டுச் செயலியைக் கற்பனை செய்து இதைச் சோதிப்போம்.

மலர் நன்றாக விளையாடுபவள். அவளுக்கு ஒரு சுற்று ஒரு நிமிடம் நீடிக்கும். கவின் புதியவன், 15 விநாடியிலேயே தோற்றுவிடுவான். இருவரும் 12 நிமிடம் விளையாடுகிறார்கள். விளம்பரம் ஓடும் நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மலர் 12 சுற்று ஆடுவாள், அவளுக்கு 4 விளம்பரம் வரும். கவின் 48 சுற்று ஆடுவான், அவனுக்கு 16 விளம்பரம் வரும். அதாவது 45 விநாடிக்கு ஒன்று. விளையாட்டு கடினமாக இருக்கிறது என்று ஏற்கெனவே சலித்துப் போயிருப்பவன் கவின். விதி அவனைத்தான் நான்கு மடங்கு தொல்லைப்படுத்துகிறது.

சரி, சுற்றுகளை விட்டுவிட்டு ‘மூன்று நிமிடத்துக்கு ஒன்று’ என்று நேரத்தை மட்டும் பார்த்தால்? இப்போது நிதானமாக யோசிக்கும் இனியா மாட்டிக்கொள்வாள். அவளுடைய ஒரு சுற்று நான்கு நிமிடம் நீடிக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும், தவறாமல், ஒரு விளம்பரம் வந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு இரண்டு நிபந்தனைகளையும் சேர்ப்பதுதான். மூன்று சுற்று முடிந்திருக்க வேண்டும், மூன்று நிமிடமும் கடந்திருக்க வேண்டும். இப்போது கவினுக்கும் மலருக்கும் 12 நிமிடத்தில் ஆளுக்கு 4, இனியாவுக்கு 1. இவற்றுடன் ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் கூடாது என்ற வரம்பையும் சேர்த்தால், நீண்ட நேரம் விளையாடுபவருக்கும் பாதுகாப்பு கிடைக்கும். நிரலில் இது சில வரிகள்தான்:

```
if (rounds >= 3 && now - lastAd >= 180000
    && todayCount < 6 && ad != null) {
    ad.show(this)
} else {
    nextRound()
}
```

இதில் 180000 என்பது மில்லிவிநாடியில் மூன்று நிமிடம். செயலியைத் திறந்ததும் lastAd என்பதில் அந்த நேரத்தைப் பதிய வேண்டும். இல்லையென்றால் முதல் விளம்பரத்துக்கு நேர வரம்பு பொருந்தாது. பிறகு ஒவ்வொரு முறையும், விளம்பரம் மூடப்பட்ட நேரத்தைப் பதிந்து, சுற்றுகளின் எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். விளம்பரம் தோன்றிய நேரத்தைப் பதிந்தால், அது ஓடிய நேரமும் பயனரின் ஓய்வு நேரமாகக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ad != null என்ற பகுதி சிறியதுதான், ஆனால் முக்கியமானது. விளம்பரம் இணையத்திலிருந்து இறங்கி வர நேரம் பிடிக்கும். சுற்று முடிந்த பிறகு அதைக் கேட்டால், அது வந்து சேர்வதற்குள் அடுத்த சுற்று தொடங்கியிருக்கலாம். அப்போது சரியான இடத்துக்காக வைத்த விளம்பரம் விளையாட்டின் நடுவில் குதிக்கும். ஆகவே சுற்று நடந்துகொண்டிருக்கும்போதே அதை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். தயாராக இல்லையென்றால் அந்த வாய்ப்பை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு பிழை கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். todayCount நினைவகத்தில் மட்டும் இருந்தால், செயலியை மூடித் திறந்ததும் அது மீண்டும் சுழியமாகிவிடும். பேருந்து நிறுத்தத்தில் அடிக்கடி திறந்து மூடுபவருக்கு நாள் வரம்பு என்பதே இல்லாமல் போகும். எனவே அதைத் தேதியுடன் சேர்த்துக் கைப்பேசியில் சேமிக்க வேண்டும். கூகலின் ஆட்மாப் போன்ற விளம்பரச் சேவைகளிலும் ‘ஒரு பயனருக்கு இத்தனை நிமிடத்தில் இத்தனை முறை’ என்று வரம்பு வைக்கலாம். ஆனால் அந்த வரம்பு விளம்பரங்களை மட்டும்தான் எண்ணும். மூன்று சுற்று முடிந்ததா என்பதைச் செயலிதான் கவனிக்க வேண்டும்.

விளம்பரத்தைக் குறைத்தால் வருமானம் குறையாதா? ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். இதில் வரும் எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. 1,000 பேர் ஒரே நாளில் செயலியை இறக்குகிறார்கள். முதல் திட்டத்தில் ஒருவருக்கு நாளுக்கு 16 விளம்பரம். ஒவ்வொரு நாளும் ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே மறுநாள் திரும்பி வருகிறார்கள்: 1,000, 200, 40, 8 என்று குறைகிறது. எல்லா நாள்களையும் கூட்டினால் 1,250 வருகை. அதை 16-ஆல் பெருக்கினால் 20,000 விளம்பரம். இரண்டாம் திட்டத்தில் நாளுக்கு 4 விளம்பரம், ஐந்தில் நான்கு பங்கினர் திரும்புகிறார்கள்: 1,000, 800, 640, 512. மொத்தம் 5,000 வருகை. 4-ஆல் பெருக்கினால் அதே 20,000 விளம்பரம்.

வருமானம் ஒன்றுதான். ஆனால் நான்காம் நாளில் முதல் திட்டத்தில் 8 பேரும் இரண்டாவதில் 512 பேரும் இருக்கிறார்கள். நண்பர்களிடம் செயலியைப் பற்றிச் சொல்ல ஆளிருப்பது எந்தத் திட்டத்தில் என்று உங்களுக்கே தெரியும்.

உண்மைச் செயலியில் எத்தனை பங்கினர் திரும்புவார்கள் என்பதை ஊகிக்கக்கூடாது, அளக்க வேண்டும். புதிய பயனர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரம்பை வைத்து, மறுநாளும் ஏழாம் நாளும் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஒப்பிடுவார்கள். அப்போது ஓர் எண் ஏமாற்றக்கூடும். விளம்பரத்தைத் தொட்டவர்கள் திடீரென்று கூடினால் மகிழத் தோன்றும். ஆனால் தொட்டவர்களில் பெரும்பாலோர் உடனே திரும்பி வந்துவிட்டால், அவை தவறுதலாகப் பட்ட விரல்கள். விளம்பரம் தவறான இடத்தில் இருக்கிறது என்பதன் அடையாளம் அது.

உங்கள் கைப்பேசியிலும் இதைச் சோதிக்கலாம். ஒரு விளையாட்டை 10 நிமிடம் ஆடி, ஒவ்வொரு விளம்பரமும் வந்த நேரத்தையும் சுற்றையும் குறியுங்கள். அடுத்த 10 நிமிடம் வேண்டுமென்றே விரைவாகத் தோற்றுப் பாருங்கள். விளம்பரம் கூடினால், அந்தச் செயலி சுற்றுகளை மட்டும்தான் எண்ணுகிறது போலும்.