ஓர் உரலில் இரண்டு உலக்கை

பிரீஸ்டைல் நன்றாக வந்துவிட்ட குழந்தைக்குப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் தானாக வந்துவிடும் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். தண்ணீர் பயம் போயாயிற்று, மூச்சுவிடத் தெரிகிறது, 25 மீட்டரை நிற்காமல் கடந்துவிடுகிறது. "இன்னும் ரெண்டு வாரம் போதும்ல மிஸ்?" என்று கேட்பார்கள். போதாது. நன்றாக பிரீஸ்டைல் நீந்தும் குழந்தை, அந்த நன்மையாலேயே இங்கே இரண்டு இடத்தில் முட்டிக்கொள்ளும். ஒன்று பாதம். இன்னொன்று, கையும் காலும் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளி.

முதலில் பாதம். பிரீஸ்டைல் சொல்லிக்கொடுக்கும்போது மாதக்கணக்கில் நாங்கள் கத்துவது ஒன்றைத்தான்: "விரலை நீட்டு, கணுக்காலைத் தளர்த்து." கால் தண்ணீரைக் கிழிக்காமல் வழுக்கிப் போக அதுதான் வழி. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் இது தலைகீழ். விரல்களை முழங்கால் பக்கமாக மடக்க வேண்டும், பாதத்தை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். உள்ளங்காலும் கணுக்காலின் உட்பக்கமும் சேர்ந்து தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். நீட்டிய பாதத்தோடு எவ்வளவு பலமாக உதைத்தாலும் தண்ணீர் பிடிபடாது. இந்த நீச்சலில் உடம்பை முன்னே தள்ளுவதில் பெரும்பங்கு காலுடையது. கைதான் பெரும்பாலும் இழுத்துச் செல்லும் பிரீஸ்டைலிலிருந்து இது இந்த வகையிலும் வேறு.

போன வருடம் என்னிடம் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்தாள். பிரீஸ்டைலில் அவள் வயதுக் குழந்தைகளில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் இடது பக்க லேன் கயிற்றில் போய் உரசினாள். கை சரியில்லையோ என்று கரையில் நின்று பார்த்தேன். கை சமமாகத்தான் போயிற்று. பிறகு தண்ணீருக்குள் இறங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு பின்னாலிருந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. வலது பாதம் அழகாக வெளியே திரும்பியிருந்தது. இடது பாதம் பிரீஸ்டைலில் போல விரல் நீட்டியபடி கீழ்நோக்கி வெட்டியது. வலது கால் மட்டும் தள்ள, உடம்பு இடது பக்கமாகத் திரும்பியது. இதைக் கத்திரிக்கோல் உதை என்போம். பிரீஸ்டைலிலிருந்து வரும் குழந்தைகளிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். கரையில் நிற்பவருக்கு இது சட்டென்று தெரியாது. இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா, நேராகப் போக முடியாமல் ஒரே பக்கம் ஒதுங்குகிறதா என்று பார்த்தால் சந்தேகம் வரும். பந்தயத்தில் இதற்கு மன்னிப்பு கிடையாது. தள்ளும்போது இரண்டு பாதமும் வெளிப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் முதலில் வந்தாலும் தகுதி நீக்கம்தான்.

அவளைக் கரையேற்றி, "உதைக்கும்போது தண்ணி காலில் எங்கே அழுத்துது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "வலது காலில் அடியில மிஸ். இடது காலில் மேல் பக்கம்," என்றாள். பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. தன் கால் என்ன செய்கிறது என்பது நீந்தும் குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் எங்கே அழுத்துகிறது என்பது தோலுக்குத் தெரியும். அதிலிருந்துதான் திருத்த வேண்டும்.

மூன்று நாள் அவளை நீந்தவே விடவில்லை. முதலில் பாயின் மீது வாத்து நடை. விரல்களைத் தூக்கி, பாதங்களை வெளியே திருப்பி, குதிகாலால் நடப்பது. கணுக்காலுக்கு அந்த நிலை பழக இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பிறகு குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு, தன் பாதத்தைத் தானே பார்த்தபடி மெதுவாக உதைப்பது. குதிகால் பின்னே வர வேண்டும், பாதம் திரும்ப வேண்டும், பிறகு வட்டமாகச் சுழன்று இரண்டும் ஒன்று சேர வேண்டும். அதற்கடுத்து, வயிறு கரையிலும் கால் தண்ணீரிலுமாகக் குப்புறப் படுக்க வைத்தேன். அவள் உள்ளங்கால்களுக்கு என் கைகளைச் சுவராகக் கொடுத்தேன். இடது காலுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தம் கொடுத்து, "என் கையைத் தள்ளு," என்றேன். ஐந்தாறு முறைக்குப் பிறகு அந்தக் கால் தானாகவே உள்ளங்காலால் தள்ளத் தொடங்கியது.

தண்ணீரில் முதலில் கிக்போர்டு கொடுக்கவில்லை. மல்லாந்து படுக்கச் சொன்னேன். கைகளை உடம்போடு ஒட்டி வைத்து, ஒவ்வொரு உதைக்கும் குதிகால் வந்து விரல்நுனியைத் தொட வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. முழங்காலை வயிற்றுப் பக்கம் இழுக்கும் குழந்தையின் முட்டி தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்துவிடும். யாரும் சொல்லாமலே அதுவே பார்த்துக்கொள்ளும். முட்டி மேலே வந்தால் தொடை தண்ணீருக்குக் குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். அப்படி நின்றால் முன்னே போன வேகமெல்லாம் அங்கேயே போய்விடும். வர வேண்டியது குதிகால்தான், முட்டி அல்ல. குதிகாலை மெதுவாகக் கொண்டுவா, உதையை வேகமாகக் கொடு என்று அப்போதே சொல்லிவிடுவேன். பல குழந்தைகள் இரண்டையும் ஒரே வேகத்தில் செய்வார்கள்.

முட்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்பார்கள். ஏறக்குறைய இடுப்பு அகலம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. பாதங்கள் முட்டிகளைவிட அகலமாக இருக்க வேண்டும். தவளை மாதிரி அகல விரித்துப் படாரென்று மூடு என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜேம்ஸ் கவுன்சில்மன், 1960களின் தொடக்கத்தில் தன் மாணவர் செட் ஜாஸ்ட்ரெம்ஸ்கியோடு சேர்ந்து குறுகலான சாட்டை உதையைப் பிரபலமாக்கிய பிறகு அந்தப் பழக்கம் மெல்லப் பின்வாங்கியது. எங்கள் ஊர்க் கிணறுகளில் இன்றும் அகல விரித்து நீந்துபவர்களைப் பார்க்கலாம். அவர்களை யாரும் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆனால் குழந்தைக்கு ஒன்று மட்டும் கவனம்: முழங்காலின் உட்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்குப் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் உதையை நிறுத்திவிட வேண்டும். அந்த மூட்டுக்கு அந்தப் பக்கவாட்டுத் திருகல் பழக்கமில்லாதது. எல்லாக் குழந்தைக்கும் இடுப்பும் கணுக்காலும் ஒரே அளவு திரும்பாது. பாதம் ஓர் எல்லைக்கு மேல் திரும்பாத குழந்தையைப் பிடித்துத் திருப்பினால் முட்டிதான் அடிவாங்கும்.

மூன்றாம் வாரம் உதை நேராயிற்று. லேன் கயிறு தப்பித்தது. ஆனால் கையைச் சேர்த்ததும் அவள் பழையபடி நின்ற இடத்திலேயே மிதந்தாள். 25 மீட்டருக்கு 28 முறை கை இழுத்தாள்.

இங்கேதான் இரண்டாவது பழக்கம் குறுக்கே வந்தது. பிரீஸ்டைலில் ஓய்வு கிடையாது. ஒரு கை முடிக்கும்முன் இன்னொன்று தொடங்கும், கால் சதா அடித்துக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் மூழ்குவோம் என்று உடம்பு கற்றுக்கொண்டிருக்கிறது. அதனால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் கை இழுக்கும் அதே நொடியில் காலும் உதைக்கிறது. பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் இரண்டு தள்ளலும் ஒரே நேரத்தில் செலவாகிவிடுகின்றன. பிறகு இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பி வருகின்றன. கை முன்னே போகும்போதும் குதிகால் மேலே வரும்போதும் உடம்பு வேகத்தை இழக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த நொடியில் உடம்பு நின்றேபோகும்.

என் பாட்டி வீட்டில் ஓர் உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று நெல் குத்துவார்கள். ஒரு உலக்கை மேலே போகும்போது இன்னொன்று இறங்கும். ஒரே நேரத்தில் இறங்கினால் மோதிக்கொள்ளும். குழந்தைகளுக்கு உரலைத் தெரியாது. அதனால் அவர்களை எதிரெதிரே உட்கார வைத்து, ஒருவர் தொடையில் தட்டி முடித்த பிறகுதான் மற்றவர் தட்ட வேண்டும் என்று விளையாட வைக்கிறேன். கை என்பது ஒரு பிள்ளை, கால் என்பது இன்னொன்று.

தாளத்தைச் சொற்களில் வைக்க வேண்டுமென்றால் இப்படி: இழு, மூச்சு, உதை, நீளு. கைகள் தோளைவிடச் சற்று அகலமாகப் போய், முழங்கை உயர்ந்தபடி, மோவாய்க்குக் கீழே வந்து சேரும். அந்தச் சேர்க்கையில் தலை தானாக உயரும், மூச்சு எடுப்பது அப்போது. குதிகால் அப்போதுதான் பின்னே வரத் தொடங்கும். கைகள் முன்னே பாய்ந்து ஏறக்குறைய நீண்டுவிட்ட நேரத்தில் உதை விழ வேண்டும். முகம் தண்ணீருக்குள் போயிருக்கும். பிறகு எதுவும் செய்யக் கூடாது. விரல்நுனியிலிருந்து கட்டைவிரல் வரை ஒரு கோடாக நீண்டு வழுக்கிப் போக வேண்டும்.

பிரீஸ்டைல் பிள்ளைகள் கையை இடுப்பு வரை இழுத்துவிடுவார்கள். அப்படி இழுத்தால் கை திரும்பி வரும் தூரம் இரட்டிப்பாகும், மூச்சு தாமதமாகும், உதை காத்திருக்க முடியாமல் முந்திக்கொள்ளும். தாளம் கெடுவது பெரும்பாலும் காலால் அல்ல, இந்த நீளமான இழுப்பால். பந்தய விதியும் தொடக்கத்திலும் திருப்பத்திலும் வரும் முதல் இழுப்பைத் தவிர, கை இடுப்புக் கோட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அவளிடம் நான் சொன்னது: "கை எப்போதும் கண்ணுக்குத் தெரியணும். தெரியாத இடத்துக்குப் போச்சுன்னா தப்பு."

அடுத்து, ஒரு இழுப்புக்கு இரண்டு உதை. முதல் உதையில் கை முன்னே நீள்கிறது. இரண்டாவது உதை விழும்போது கை நீண்டபடி அசையாமல் இருக்கிறது. கால் வேலை செய்யும்போது கை சும்மா இருக்கலாம் என்று உடம்பு நம்ப இதுதான் உதவியது. ஒரு வாரம் கழித்து ஒரு இழுப்பு, ஒரு உதை. பிறகு வாய்க்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணும்வரை வழுக்கல்.

இடையில் ஒரு சிக்கல் வந்தது. வீட்டில் அவள் அண்ணன், 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடம் பீட்டி 100 மீட்டரை 57.13 நொடியில் முடித்த பந்தயத்தைக் காட்டியிருக்கிறான். மறுநாள் வழுக்கலை விட்டுவிட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தாள். பீட்டி அந்த வேகத்திலும் உதை முடியும்போது உடம்பை நேர்கோடாக்கித்தான் அடுத்த இழுப்புக்குப் போகிறார். அந்தக் கோடு சில கணம்தான் இருக்கும், கண்ணுக்கு நிற்காது. அதைச் செய்யத் தெரிந்த பிறகுதான் குறைக்க முடியும் என்று சொன்னேன். கொஞ்சம் முகம் சுளித்தாள், ஆனால் எண்ணிக்கைக்குத் திரும்பினாள்.

ஆறாம் வாரம் மறுபடி எண்ணினோம். சுவரைத் தள்ளிக் கிளம்பினாள். நான் கரையில் கூடவே நடந்தேன். நடுக்குளத்தில் ஒருமுறை உதை முந்திக்கொண்டது. தோள் துடித்து உடம்பு நின்றது, அவளுக்கே தெரிந்தது, அடுத்த இழுப்பில் காத்திருந்தாள். மறுமுனையில் பதினேழாவது இழுப்பில் வந்து சேர்ந்து, பழைய நினைவில் ஒரு கையால் சுவரைத் தொட்டாள்.

"ரெண்டு கையும் ஒண்ணா தொடணும்மா."

தலையை அசைத்துவிட்டு, மூச்சு வாங்காமலே திரும்பிக் கிளம்பினாள். இந்த முறை இந்தப் பக்கச் சுவருக்குப் பதினாறு, இரண்டு கையும் ஒன்றாக.