டேலி தெரியாது என்பதை விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி கணக்கு உதவியாளர் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பி.காம்., இரண்டு வருட அனுபவம், ஜிஎஸ்டி, எக்செல், டேலி பிரைம் கட்டாயம் என்கிறது விளம்பரம். விண்ணப்பிக்க நினைக்கும் பெண் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் இரண்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறார். அங்கே பில் போட வேறொரு மென்பொருள், மற்றதெல்லாம் எக்செல். வேலையில் டேலியை அவர் தொட்டதே இல்லை.

இந்த இடத்தில் பலர் "டேலியில் அடிப்படை அறிவு உண்டு" என்று எழுதிவிடுகிறார்கள். நேர்முகத்தில் ஒரு கொள்முதல் பில்லைக் கையில் கொடுத்து, "இதை என்ட்ரி போடுங்கம்மா" என்றால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு விண்ணப்பத்தில் உள்ள உண்மைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். டேலியைப் பற்றி வாயே திறக்காமல் விடுவதும் உதவாது. விண்ணப்பங்களைப் பிரிப்பவர் முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.

உள்ளதைச் சொல்லலாம். ஆனால் முதல் வரியில் மன்னிப்போடு ஆரம்பிக்க வேண்டாம். கம்பெனி கேட்டவற்றில் தன்னிடம் இருப்பதை முதல் பத்தியில் வைத்துவிட்டு, இரண்டாவது பத்தியை இப்படி எழுதலாம்:

"நீங்கள் கேட்டிருக்கும் டேலி பிரைமில் நான் இதுவரை வேலை செய்ததில்லை. எங்கள் கடையில் ஜிஎஸ்டிஆர்-2பியைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிடும் வேலையைச் செய்துவந்தவர் சென்ற ஜூனில் விலகினார். அப்போது எனக்கு VLOOKUP தெரியாது. மாலை நேரங்களில் பத்து நாள் பழகி, ஜூலையில் 340 பில்களை நானே ஒப்பிட்டேன். 2பியில் வராத 11 பில்களைக் கண்டுபிடித்து, 20ஆம் தேதிக்கு முன் சப்ளையர்களுக்குத் தெரிவித்தேன். அன்றிலிருந்து மாதந்தோறும் அது என் வேலை. இப்போது டேலியின் கல்விப் பதிப்பில் விற்பனை, கொள்முதல், பேமென்ட் வவுச்சர்கள் போட்டுப் பழகுகிறேன். ஸ்டாக், சம்பளக் கணக்குப் பக்கம் இன்னும் போகவில்லை."

குறையைச் சொல்ல இதில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. "துரதிர்ஷ்டவசமாக", "இருந்தாலும்" என்ற இழுவை இல்லை. அடுத்து வருவது கதை. "நான் எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்று எவரும் எழுதலாம். அதைச் சரிபார்க்க வழியில்லை. பத்து நாள், 340 பில், 11 விடுபாடு என்பவை வேறு. தனக்குத் தெரியாத ஒன்று வேலையில் குறுக்கே வந்தது, எத்தனை நாளில் கைவந்தது, அதனால் கடைக்கு என்ன கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படிப்பவர் கணக்குத் துறைக்காரர். மாதம் 14ஆம் தேதி 2பி வரும், 3பி தாக்கல் செய்ய 20 கடைசி என்பதும், அதற்குள் ஒப்பிடாவிட்டால் இன்புட் கணக்கு குழம்பும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த ஆறு நாள் நெருக்கடியில் வேலையை முடித்தவர் என்பது அவர் மனதில் பதியும்.

உதாரணம் குறைக்குப் பக்கத்தில் இருப்பது முக்கியம். மூன்று மாதத்தில் இந்தி கற்றேன் என்பது பெரிய விஷயம்தான், ஆனால் டேலி கைவருமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. எண்களும் சொந்த எண்களாக இருக்க வேண்டும். "அந்தப் பதினொன்றும் ஏன் விடுபட்டன?" என்று நேரில் கேட்பார்கள். சப்ளையர் இன்னும் தாக்கல் செய்யவில்லை, ஜிஎஸ்டி எண்ணைத் தவறாகப் போட்டிருந்தார் என்று விவரமாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

எல்லாக் குறைக்கும் இந்த வழி பொருந்தாது. கனரக வாகன உரிமமோ நர்சிங் கவுன்சில் பதிவோ கேட்கும் வேலைக்கு, அது கைக்கு வரும்வரை விண்ணப்பிப்பதில் பயனில்லை. மென்பொருள் அப்படியல்ல. பற்று, வரவு, ஜிஎஸ்டி தெரிந்தவருக்கு டேலியில் புதிதாக இருப்பது பெரும்பாலும் திரையும் விசைகளும்தான்: விற்பனைக்கு F8, கொள்முதலுக்கு F9, பேமென்ட்டுக்கு F5.

கல்விப் பதிப்பில் பழகுகிறேன் என்று எழுதினால் உண்மையாகவே பழகியிருக்க வேண்டும். இலவசமான அந்தப் பதிப்பில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே வவுச்சர் போட முடியும். அதில் உட்கார்ந்தவருக்கு இது முதல் நாளே தெரிந்துவிடும். கேட்பவருக்கும் தெரியும். மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன், ஜிஎஸ்டியோடு ஒரு கொள்முதல் பில்லை யார் உதவியும் இல்லாமல் நாலைந்து முறை போட்டுப் பாருங்கள். கூப்பிட்டால் முதலில் செய்யச் சொல்வது அநேகமாக அதைத்தான்.