பணவீக்கம் குறைந்தது, பிட்காயின் சரிந்தது

2022 செப்டம்பர் 13, இந்திய நேரம் மாலை 6 மணி. அமெரிக்காவின் ஆகஸ்ட் மாதப் பணவீக்கக் கணக்கு வெளியானது. முந்தைய மாதம் 8.5 சதவீதமாக இருந்தது 8.3 ஆகக் குறைந்திருந்தது. நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் சந்தை 8.1-ஐ எதிர்பார்த்து, அதற்கேற்ற விலையில் ஏற்கெனவே நின்றிருந்தது. வட்டியை ஃபெடரல் ரிசர்வ் இன்னும் வேகமாக ஏற்றும் என்ற பயம் கிளம்பியது. சுமார் 22,500 டாலரில் இருந்த பிட்காயின், ஒரே நாளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழந்தது.

அன்று 1,000 டாலர் போட்டு, பத்து மடங்கு லெவரேஜில் விலை ஏறும் என்று ஒருவர் வாங்கி வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது 10,000 டாலர் பொசிஷன். விலை பத்து சதவீதம் இறங்கினால் போட்ட பணம் மொத்தமும் போய்விடும். எக்ஸ்சேஞ்ச் அதுவரைகூடக் காத்திருக்காது; அதற்குச் சற்று முன்பே பொசிஷனை மூடிவிடும். அதே பணத்தில் மூன்று மடங்கு மட்டும் எடுத்திருந்தால் இழப்பு 300 டாலரோடு நின்றிருக்கும், பொசிஷனும் உயிரோடு இருந்திருக்கும்.

ஸ்டாப் லாஸ் காப்பாற்றாதா என்று பலர் கேட்பார்கள். இந்த ஒரு நிமிடத்தில் அதை முழுக்க நம்பக் கூடாது என்பதே என் கருத்து. அறிவிப்பு வரும் நேரத்தில் பெரிய வியாபாரிகள் தங்கள் ஆர்டர்களை விலக்கிக்கொள்வார்கள். 22,200-ல் விற்கச் சொல்லி வைத்தால், அந்த விலையில் வாங்க ஆள் இல்லாமல் 21,900-ல் போய் விற்கலாம். 133 டாலர் என்று நினைத்த நஷ்டம் 267 ஆகிவிடும். ‘இந்த விலைக்குக் கீழே விற்காதே’ என்று வரம்பு வைத்தாலோ, விற்காமலேயே விலை தாண்டிப் போய்விடக்கூடும்.

அதனால் அளவைக் குறைப்பதுதான் உறுதியான வழி. எவ்வளவு இழக்கத் தயார் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 100 டாலர் என்றால், பத்து சதவீத வீழ்ச்சியைக் கணக்கில் வைத்து 1,000 டாலர் பொசிஷன் போதும். மீதியை, சந்தை அமைதியாக இருக்கும் போதே, ஓரிரு மணி நேரம் முன்னதாக விற்றுவிட வேண்டும். கணக்கில் வேறு பணம் இருந்தால் ‘ஐசோலேட்டட்’ மார்ஜினில் வைப்பது அவசியம். ‘கிராஸ்’ மார்ஜினில் அந்தப் பணமும் சேர்ந்து கரையும்.

வட்டி முடிவு நாளில் அதிர்ச்சி இரண்டு தவணையில் வரும். நம் நேரப்படி இரவு 11.30-க்கு அறிக்கை, அரை மணி கழித்துத் தலைவரின் பத்திரிகையாளர் சந்திப்பு. அமெரிக்கக் குளிர்காலத்தில் இரண்டுமே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். 2024 டிசம்பர் 18 அன்று எல்லோரும் எதிர்பார்த்தபடியே வட்டி கால் சதவீதம் குறைந்தது. ஆனால் அடுத்த ஆண்டு நான்கு முறை குறையும் என்றிருந்த கணிப்பு இரண்டாகச் சுருங்கியிருந்தது, பிட்காயின் இறங்கியது. எனவே முதல் அசைவைப் பார்த்து மறுபடி வாங்க ஓடாமல், பேட்டி முடியும்வரை பொறுக்க வேண்டும். பிறகும், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வழக்கமான அளவுக்குச் சுருங்கிவிட்டதா என்று பார்த்தே அளவைக் கூட்ட வேண்டும்.