ஒத்த நாத்தும் வட்டிக் கணக்கும்

உத்தமபாளையம் வட்டாரத்தில் வேளாண் அலுவலராக இருந்தபோது, ஒற்றை நாற்று நடவைப் பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் கையில் நாலு சாமான் இருக்கும். ஒரு பக்கெட், கல்லுப்பு, ஒரு கோழிமுட்டை, வேரோடு பிடுங்கிய ரெண்டு பிடி நாற்று. பேச்சை விட இந்த நாலும்தான் அதிகம் வேலை செய்தன. அவற்றை வைத்து என்ன காட்டினேன், உழவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் நாலு பேருக்குச் சொல்ல உதவும்.

முதலில் முட்டை. பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி முட்டையைப் போட்டால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். ஒரு கிலோவில் இருந்து ஒன்றரை கிலோ வரை போகும்போது முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அகலத்துக்குத் தலையைக் காட்டும். அப்போது உப்பை நிறுத்திவிட்டு, முட்டையை எடுத்துவிட்டு, விதைநெல்லைப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்க வேண்டும். கலக்காவிட்டால் உமியில் ஒட்டிய காற்று நல்ல நெல்லையும் மிதக்க வைத்துவிடும். மீசை நெல் ரகங்களில் இது கூடுதல். மிதப்பதை அள்ளிக் கோழிக்குப் போட்டுவிட்டு, அடியில் நிற்பதை உடனே எடுத்து நல்ல தண்ணீரில் ரெண்டு மூணு தடவை அலச வேண்டும். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். அதன் பிறகு பஞ்சகவ்யமோ பீஜாமிர்தமோ உங்கள் வழக்கம். முட்டை புதுசாக இருக்க வேண்டும். பழைய முட்டை உப்பே இல்லாமல் மிதக்கும்.

"வெறுந் தண்ணியிலயே பதரு மிதக்குமே சார், உப்பு எதுக்கு?" என்று கேட்பார்கள். வெறும் தண்ணீரில் பதர் மட்டும்தான் மிதக்கும். அரைகுறையாகப் பால் பிடித்த நெல்லும் மூழ்கிவிடும், முளைத்தும் விடும், ஆனால் நாற்று சவலையாக வரும். குத்துக்கு நாலு நாற்று வைத்தால் ஒரு சவலை தெரியாது. குத்துக்கு ஒன்றே ஒன்று என்றால் அந்த ஒன்று திடமாக இருந்தாக வேண்டும்.

அடுத்தது நாற்று. ஒரு தட்டில் பதினாலு நாள் நாற்று, இன்னொன்றில் முப்பது நாள் நாற்று, ரெண்டிலும் கொஞ்சம் தண்ணீர். சின்ன நாற்றில் மூணு இலை, அடியில் விதை ஒட்டிக்கொண்டே இருக்கும். வேர் வெள்ளையாக, அறாமல் இருக்கும். பெரிய நாற்றைப் பிடுங்கிக் காலில் தட்டி மண்ணை உதறினதில் பாதி வேர் நாற்றங்காலிலேயே போயிருக்கும். "தென்னங்கன்னை வேர் அறுத்து வச்சா அது தேறி எந்திரிக்க எத்தனை நாளாகும்?" என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் முக்கியமான விஷயம் வேர் இல்லை, தூர். இதற்கு எனக்குக் கைகொடுத்தது வட்டிக் கணக்கு. நெல் நாலாவது இலை விடும் சமயத்தில் முதல் பக்கத் தூர் கிளம்பும். அந்தத் தூருக்கு மூணு நாலு இலை வந்ததும் அது தன் பங்குக்கு இன்னொரு தூர் விடும். வட்டிக்கு வட்டி. முதலில் போட்ட ரூபாய்க்குத்தான் குட்டி அதிகம். முப்பது நாள் நெருக்கமாக நாற்றங்காலில் கிடக்கும் நாற்று, முதல் தூர்கள் வர வேண்டிய நாளை அங்கேயே தொலைத்துவிடுகிறது. அப்புறம் பிடுங்கி நட்டால் பச்சை பிடிக்க இன்னும் ஒரு வாரம். அதனால்தான் மூணு இலையில் நடச் சொல்வது.

இடைவெளி பற்றி இந்தப் பள்ளத்தாக்கில் அதிகம் பேச வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் இருக்கும். "ஒரு குழியில நாலு கொடி வைப்பீங்களாண்ணே?" சிரிப்பார்கள். கயிற்றில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு இழுத்துப் பிடித்து, முடிச்சுக்கு ஒன்றாக நடுவது. கணக்கும் போட்டுக் காட்டுவேன். அந்த இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 65,000 குத்து. ஆயிரம் நெல் 20 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 50,000 நெல். ரெண்டு கிலோ விதை போதும், பழுதுக்கும் சேர்த்து மூணு கிலோ. நாற்றங்கால் ஒரு சென்ட். நாம் வழக்கமாக ஏக்கருக்கு 25, 30 கிலோ விதைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த முறையை மடகாஸ்கரில் லொலானி என்ற பாதிரியார் 1983இல் கண்டுகொண்டதாகச் சொல்வார்கள். வறட்சியில் அவசரமாகப் பதினைந்து நாள் நாற்றை நட நேர்ந்து, அது கிளைத்த விதத்தைப் பார்த்திருக்கிறார். ஆனால் ஒற்றை நாற்று நடவைப் பற்றித் தமிழ்நாட்டில் 1911லேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் வெளிநாட்டுச் சரக்கு என்று யாராவது தள்ளினால் நான் விடுவதில்லை.

இனி எதிர்க்கேள்விகள். "கொக்கு மிதிச்சாலே போயிருமே சார்" என்பது எல்லா ஊரிலும் வந்தது. நியாயமான பயம். அதைவிடப் பெரியது, முதல் இருபது நாள் வயல் வெறுமையாகத் தெரிவது. பக்கத்து வயல் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும், நம்முடையது நட்டதா இல்லையா என்றே தெரியாது. ஒத்திக்குப் பிடித்து உழுகிறவருக்கு அந்த இருபது நாளும் தூக்கம் வராது. அவரிடம் முழு வயலையும் மாற்றச் சொன்னதில்லை. பத்து சென்ட் மட்டும் கேட்பேன். முப்பதாம் நாள் அதில் ஒரு குத்தையும், பழைய முறை வயலில் ஒரு குத்தையும் பிடுங்கி அலசிப் பக்கத்தில் வைத்துத் தூரை அவரையே எண்ணச் சொல்வது. வேரையும் மோந்து பார்க்கச் சொல்வேன். தண்ணீர் வற்றாமல் கட்டிய வயலில் வேர் கறுத்து அழுகல் முட்டை வாடை அடிக்கும். காயப்போட்டுப் பாய்ச்சினதில் வெள்ளையாக இருக்கும்.

அந்தக் காயப்போடுவதில்தான் இந்த முறை நிற்பதும் விழுவதும். நட்டதில் இருந்து கதிர் உருவாகும் வரை, மயிரிழை வெடிப்பு ஓடினதும் ஒரு அங்குலத் தண்ணீர் கட்டினால் போதும். ஆனால் பெரியாற்றுப் பாசனத்தில் இங்கே 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. அதில் மேல் வயலில் இருந்து வழிந்து கீழ் வயலுக்குத் தண்ணீர் போகிற இடத்தில், கீழே இருப்பவர் நினைத்தாலும் வடிக்க முடியாது. மூணு இலை நாற்று அதில் மூழ்கி அழுகும். அப்படிப்பட்ட வயல்காரரிடம் இதைச் செய்யாதீர்கள் என்றே சொன்னேன். சொந்த வாய்க்கால் மடையும் வடிகாலும் இருந்தால் செய்யலாம். ஓரத்தைச் சுற்றி ஒரு சாண் வாய்க்கால் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. மேடு பள்ளம் இருந்தால் பரம்படிப்பதை இன்னொரு தடவை செய்ய வேண்டும். பள்ளத்தில் நாற்று போகும், மேட்டில் களை வரும்.

தண்ணீர் நிற்காத வயலில் களை நிச்சயம் கூடும். பத்தாம் நாளில் இருந்து பத்து நாளுக்கு ஒரு தடவையாக நாற்பதாம் நாள் வரை உருளைக் களைக்கருவியைக் குறுக்கிலும் நெடுக்கிலும் தள்ள வேண்டும். களை மண்ணுக்குள் மடங்கி உரமாகும், வேருக்குக் காற்றும் போகும். முதல் தள்ளலைத் தவறவிட்டால் அடுத்தது கருவிக்கு அடங்காது, கையால்தான் எடுக்க வேண்டும். வரிசை கோணலாக நட்டாலும் கருவி போகாது. நடவு ஆட்களுக்கு முதல் தடவை இது எரிச்சலான வேலை. கூலி கொஞ்சம் கூடுதலாகப் பேசிக்கொள்வதே சரி.

நூறு நாள் ரகங்களுக்குத் தூர் கட்ட அவகாசம் குறைவு. அதற்குக் கயிற்றில் முடிச்சை 20 சென்டிமீட்டராக்கிக்கொள்ளுங்கள். அப்போது குத்து ஒரு லட்சத்தைத் தொடும், விதை மூணு கிலோவுக்குக் குறையக் கூடாது. முட்டை வைத்த உப்புத் தண்ணீரை வாய்க்காலிலோ நாற்றங்கால் ஓரத்திலோ கொட்ட வேண்டாம். களத்து ஓரம் எதுவும் முளைக்காத இடமாகப் பார்த்து ஊற்றிவிடுங்கள்.